மேசைக்கு அடியில் மூன்று தழும்புகள்

என் எழுதுமேசையின் அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று தழும்புகள் தெரியும். மேல்பலகையின் ஓரத்தில் நாணயம் அழுந்தியது போல ஒரு வட்டப் பள்ளம். பலகையையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் பட்டைத் துண்டு ஒன்றில் பிறை வடிவக் கீறல். பின்காலின் உள்மூலையில், மூலைமட்டம் வைத்தால் மட்டும் கண்ணில் படும் சிறிய கோணல். மூன்றுமே நான் செய்த பிழைகள். மூன்றுக்கும் காரணம் கிளாம்ப்.

அந்த மேசை மூன்று தேக்குப் பலகைகளை ஒட்டிய மேல்தளமும், சதுரக் குழாயில் வெல்டிங் செய்த கால்சட்டமும், துளை போட்ட சில பட்டைத் துண்டுகளும் சேர்ந்தது. ஒட்டுவது, துளைப்பது, வெல்டிங் வைப்பது என்று மூன்று வேலையும் அதில் இருந்தன. மூன்றுக்கும் நான் கையில் கிடைத்த கிளாம்ப்பையே போட்டேன். அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும் என்பதே அப்போது எனக்கு இருந்த எண்ணம். ஆனால் பொருளை அசைக்கப் பார்க்கும் விசை ஒவ்வொரு வேலையிலும் வேறு. ஒட்டும்போது அசைக்கும் விசை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாம்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும், அதுவும் இணைப்பு நெடுக ஒரே சீராக. துளைக்கும்போது பொருளைச் சுழற்றப் பார்க்கும் முறுக்கு வருகிறது. வெல்டிங்கில் உலோகம் தானே சுருங்கி இழுக்கிறது. கிளாம்ப்பைத் தேர்ந்தெடுப்பது இந்த விசையை அடையாளம் காண்பதில்தான் தொடங்குகிறது.

முதலில் திருகைப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலான கிளாம்ப்களின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒரு ஜி கிளாம்ப்பின் திருகில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். நடுவிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி அந்தக் கம்பியை 12 கிலோ விசையில் தள்ளுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்றுக்கு உங்கள் கை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. அதே சுற்றில் திருகு முன்னேறுவது ஒரு மரையின் இடைவெளி மட்டும், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். கை நகர்ந்த தூரம் திருகு நகர்ந்த தூரத்தைப் போல 167 மடங்கு. உராய்வே இல்லையென்றால் விசையும் அத்தனை மடங்கு பெருகி, 12 கிலோ 2,000 கிலோ ஆகியிருக்கும். நடப்பில் மரைகளும் நுனித் தட்டும் தேய்வதிலேயே ஐந்தில் நான்கு பங்கு போய்விடுகிறது. பொருளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 400 கிலோ.

இந்த இழப்பைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. கையை எடுத்த பிறகும் கிளாம்ப் தளராமல் நிற்பது இந்த உராய்வால்தான். இறுக்கும்போது நாம் செலவிட்ட உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வில் போனால், மிச்சம் பாதிக்கும் குறைவு. திருகு தானாகப் பின்னால் சுழல வேண்டுமானால் ஏறக்குறைய அதே உராய்வை அந்த மிச்சத்தைக் கொண்டு வெல்ல வேண்டும். அது முடியாது. அதனால்தான் இரவில் இறுக்கிவிட்டுப் போன கிளாம்ப் காலையிலும் அப்படியே நிற்கிறது.

இனி மேல்பலகை. ஒவ்வொரு பலகையும் 120 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனம். மூன்றையும் பக்கத்தோடு பக்கம் ஒட்ட வேண்டும். ஓர் இணைப்பின் பரப்பு 120ஐ 2.5ஆல் பெருக்கினால் 300 சதுர சென்டிமீட்டர். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, அதாவது நாம் ஃபெவிகால் என்றே பொதுவாகச் சொல்லிவிடும் வகை, நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் நடுத்தரக் கடினமுள்ள மரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோ அழுத்தம் நல்லது என்பது கணக்கு. மென்மரத்துக்கு அது சற்றுக் குறையும், கடின மரத்துக்குக் கூடும். 300ஐ 10ஆல் பெருக்கினால் 3,000 கிலோ. மூன்று டன்!

முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது நான் நம்பவில்லை. ஒரு எழுதுமேசைப் பலகைக்கு ஒரு காரின் எடையைப் போல இரு மடங்கா? ஆனால் அந்த அழுத்தம் எதற்கு என்று யோசித்தால் புரியும். பசை வலிமையாக இருப்பது மிக மெல்லிய படலமாக இருக்கும்போதுதான். வெள்ளைப் பசையில் பெரும்பகுதி தண்ணீர். அது மரத்துக்குள் உறிஞ்சப்பட்டுப் போனதும் பசை வற்றுகிறது. இரு பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால், வற்றிய பசை அதை நிரப்பாமல் உள்ளே வெற்றிடம் விட்டுவிடும். அழுத்தம் செய்கிற வேலை அந்த இடைவெளியை மூடுவது. ஆகவே இழைப்புளியால் ஓரத்தை எந்த அளவுக்குத் துல்லியமாக இழைத்திருக்கிறோமோ, அந்த அளவுக்குக் குறைந்த அழுத்தம் போதும். நல்ல ஆசாரி ஒருவர் பாதி அழுத்தத்தில் ஒட்டிய பலகையும் உடைத்தால் மரம்தான் பிளக்கும், இணைப்பு பிரியாது. ஒளியைப் பின்னால் பிடித்து, ஓரங்கள் இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். வெளிச்சக் கீற்று தெரிந்தால் திரும்ப இழைக்க வேண்டும். அந்தக் கீற்றைக் கிளாம்ப்பால் மூடப் பார்த்தால், மூடிய அன்று அழகாக இருக்கும். உள்ளே வளைந்து நிற்கும் பலகை வருடக்கணக்கில் பசையைப் பிய்த்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு இணைப்புகள் இருப்பதால் ஆறு டன் வேண்டுமே என்று தோன்றலாம். வேண்டாம். ஒரே விசைதான் முதல் பலகை வழியாக இரண்டாவதற்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் போகிறது. வழியில் அது பங்கு போடப்படுவதில்லை. குறுக்குக் கம்பி உள்ள பைப் கிளாம்ப் ஒவ்வொன்றும் 400 முதல் 500 கிலோ தரும் என்றால், ஆறேழு கிளாம்ப்கள் போட்டால் மூன்று டன்னுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மரக் கைப்பிடி உள்ள சாதாரண எஃப் கிளாம்ப்பை வெறும் கையால் முறுக்கினால் 200 கிலோ வருவதே பெரிது. நான் போட்டது அப்படிப்பட்ட எஃப் கிளாம்ப் நான்கு.

எத்தனை என்பதோடு எங்கே என்பதும் சேர்ந்துகொள்கிறது. கிளாம்ப்பின் வாய் பலகையைத் தொடும் இடத்திலிருந்து அழுத்தம் இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் விசிறி போல விரிகிறது. வெளிப் பலகை 20 சென்டிமீட்டர் அகலம் என்றால், இணைப்பை அடையும்போது அந்த விசிறி 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். ஆகவே அகலப் பலகையில் கிளாம்ப்களைத் தள்ளித் தள்ளி வைத்தாலும் சீரான அழுத்தம் கிடைக்கும். எண்ணிக்கையை முடிவு செய்வது மொத்த விசைதான். வெளியே இருப்பது 5 சென்டிமீட்டர் அகலப் பட்டை என்றால் விசிறி விரிய இடமில்லை. அப்போது ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஒரு கிளாம்ப் வேண்டும், இல்லாவிட்டால் வாய்க்கும் பட்டைக்கும் நடுவில் கனமான ஒரு சட்டத்தை வைத்து, விசிறி விரிய இடம் உண்டாக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. என் மேசையில் இருக்கும் நாணயப் பள்ளம், எஃப் கிளாம்ப்பின் சிறிய வட்டத் தட்டு நேராகத் தேக்கில் பதிந்த தடம். நடுவில் ஒரு கட்டைத் துண்டு வைத்திருந்தால் பள்ளம் அதில் விழுந்திருக்கும்.

அன்று பள்ளத்தைவிடப் பெரிய பிழை ஒன்று நடந்தது. நான்கு கிளாம்ப்களையும் பலகையின் கீழ்ப்பக்கமாகவே போட்டிருந்தேன். இறுக்க இறுக்க, நடுப்பலகை மெல்ல மேலே எழும்பியது. பக்கத்துப் பட்டறை ஆசாரி வந்து நேர்ச்சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்துக் காட்டினார்.

"தம்பி, பலகை முதுகு தூக்கிடுச்சு பாருங்க. எல்லாத்தையும் ஒரே பக்கமா போட்டா அப்படித்தான். ரெண்டைக் கழட்டி மேல போடுங்க."

காரணம் எளிது. இறுக்கும்போது கிளாம்ப்பின் தண்டும் லேசாக வளைகிறது. இரு வாய்களும் மேல்பக்கம் சற்றே விரிகின்றன. அதனால் அழுத்தம் பலகைக் கனத்தின் நடுவில் விழாமல், தண்டை ஒட்டிய கீழ்விளிம்பில் விழுகிறது. கீழ்ப்பக்கம் நெருக்கப்படும்போது மேல்பக்கம் திறக்கப் பார்க்கிறது, பலகை முதுகு தூக்குகிறது. ஒன்று கீழே, அடுத்தது மேலே என்று மாற்றிப் போட்டால் இரு வளைவுகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். இரும்புத் தண்டுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை வைக்கவும் மறக்கக் கூடாது. பசையின் ஈரத்தோடு இரும்பு தேக்கைத் தொட்டால், மரத்திலிருக்கும் டானினோடு வினைபுரிந்து கறுப்புக் கறை ஏறும். அது மேலோட்டமாகத் தேய்த்தால் போகாது.

பசை தடவியதும் உடனே முழு பலத்தில் இறுக்குவதும் தவறு. ஈரப் பசை எண்ணெய் போல வழுக்கும், பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி மட்டம் தப்பும். முதலில் எல்லாவற்றையும் லேசாகப் பிடித்துவிட்டு, விரலால் இணைப்புகளைத் தடவி மட்டம் பார்த்து, ஓரிரு நிமிடம் பசை கெட்டிப்பட விட்டு, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி இறுக்கிக்கொண்டு போக வேண்டும். இணைப்பு நெடுகிலும் சிறு சிறு முத்துகளாகப் பசை கசிந்து நிற்பதுதான் நல்ல அடையாளம். ஓரிடத்தில் முத்தே இல்லையென்றால் அங்கே பசை போதவில்லை அல்லது அழுத்தம் சேரவில்லை. ஆறாக வழிந்தால் பசை வீண், அவ்வளவுதான். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் நனைத்த துணியால் ஓரத்தைத் துடைத்துக் காயவிடுவது நல்லது.

ஐந்து நிமிடம் கழித்துக் கிளாம்ப்பை மறுபடி தொட்டுப் பார்த்தால் தளர்ந்திருக்கும். யாரும் திருகைத் தளர்த்தவில்லை. பசைப் படலம் மெலிந்திருக்கிறது, மரநார்கள் சற்று அமுங்கியிருக்கின்றன. இறுக்கிய கிளாம்ப் உண்மையில் இழுத்துவைத்த ஒரு வில். அதன் உடல் எந்த அளவுக்கு வளைந்து விரிந்திருக்கிறதோ அந்த அளவுக்கு விசை அதில் சேர்ந்திருக்கிறது. குட்டையான, கனமான ஜி கிளாம்ப் 400 கிலோவில் அரை மில்லிமீட்டர் மட்டும் விரிந்திருக்கிறது என்று வையுங்கள். மரம் கால் மில்லிமீட்டர் அமுங்கினாலே பாதி விசை காணாமல் போய்விடும். அதே விசையில் 2 மில்லிமீட்டர் வளையும் நீண்ட கிளாம்ப்புக்கு அந்தக் கால் மில்லிமீட்டர் பெரிய இழப்பில்லை. விறைப்பான கிளாம்ப்தான் நல்ல கிளாம்ப் என்ற நினைப்பு ஒட்டு வேலையில் அப்படியே பொருந்தாது. விறைப்பானதைப் போட்டால் சில நிமிடங்களில் ஒருமுறை திரும்ப இறுக்க வேண்டும்.

எபாக்ஸி பசைக்கு இவ்வளவு சொன்னதும் பொருந்தாது. அதில் வற்றிப்போகத் தண்ணீர் இல்லை. இரு பகுதிகளும் வினைபுரிந்து அப்படியே கெட்டியாகிறது, இடைவெளியையும் நிரப்பிக்கொள்கிறது. அதற்கு மெல்லிய படலமாவது மிஞ்ச வேண்டும். வெள்ளைப் பசைக்குப் போடுவது போல இறுக்கினால் எபாக்ஸி முழுவதும் வெளியே வழிந்து இணைப்பு வறண்டுபோகும். சேர்ந்து நிற்கும் அளவுக்குப் பிடித்தால் போதும். துணி உலர்த்தும் கிளிப்பைப் போன்ற ஸ்பிரிங் கிளாம்ப்கூடச் சரியாக இருக்கும்.

கிளாம்ப்களைக் கழற்றிய பின் பலகையை அன்றே இழைத்து மட்டமாக்க ஆசை வரும். ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். பசையின் தண்ணீரைக் குடித்த ஓரங்கள் அப்போது சற்றுப் புடைத்திருக்கும். புடைப்போடு சேர்த்து இழைத்துவிட்டால், சில நாளில் ஈரம் போய் மரம் அடங்கும்போது இணைப்பு நெடுக மெல்லிய பள்ளக் கோடு விழுந்துவிடும். வார்னிஷ் அடித்த பிறகு அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படும்.

இரண்டாவது தழும்பு, பட்டைத் துண்டில் உள்ள பிறைக் கீறல். 5 மில்லிமீட்டர் கனமுள்ள, 30 சென்டிமீட்டர் நீள இரும்புப் பட்டையில் 8 மில்லிமீட்டர் துளை போட்டுக்கொண்டிருந்தேன். துண்டுகளாக வெட்டுவதற்கு முன்பே துளைத்துவிடலாம் என்று நீளப் பட்டையாகவே வைத்திருந்தேன். அதை மேசை டிரில்லில் எஃப் கிளாம்ப் ஒன்றால் பிடித்திருந்தேன். முதல் மூன்று துளைகள் சுகமாக விழுந்தன. நான்காவது துளை அடிப்பக்கம் திறக்கும் நேரத்தில் கிளாம்ப் நழுவி, பட்டை பிட்டோடு சேர்ந்து சுழன்றது. பட்டையின் நுனி துளையிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் அந்த நுனி மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அது என் விரலைத் தொடாமல் டிரில்லின் தூணில் மோதி நின்றது. கிளாம்ப்பின் வாய் இழுத்துப்போன கீறல்தான் இன்றும் பட்டையில் இருக்கிறது.

முதல் மூன்று துளைகள் ஏன் ஏமாற்றின? மிதமான வேகத்தில் 8 மில்லிமீட்டர் பிட் இரும்பை வெட்டும்போது வரும் முறுக்கு மிகச் சிறியது. துளையிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 5 கிலோ விசையில் அடக்கிவிடலாம். கையாலேயே பிடிக்கலாம் போல இருக்கும். ஆனால் பிட்டின் கூர்முனை அடிப்பக்கம் வெளியே வந்ததும் நிலைமை மாறுகிறது. கீழே தள்ளும் விசையில் பெரும்பங்கை அதுவரை தாங்கிக்கொண்டிருந்தது அந்த முனை. அது விடுபட்டதும் பிட் சட்டென்று முன்னே பாய்கிறது, மிச்சமிருக்கும் மெல்லிய உலோக வளையத்தை அதன் இரு வெட்டுவாய்களும் மரை போலக் கவ்வி ஏறுகின்றன. முறுக்கு ஒரே கணத்தில் பல மடங்காகிறது. அரைக் குதிரைத்திறன் மோட்டாரின் முழு பலமும் சுழன்றுகொண்டிருக்கும் கப்பியின் வேகமும் சேர்ந்து பட்டையின்மேல் இறங்குகின்றன. ஆகவே கிளாம்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியது துளைக்கும் நேரத்து முறுக்குக்காக அல்ல, துளை திறக்கும் அந்தக் கணத்துக்காக.

எஃப் கிளாம்ப் ஏன் நழுவியது என்பதற்கு அதன் உடலுக்குள்ளேயே விடை இருக்கிறது. அதன் நகரும் கை தண்டின்மேல் தாராளமாகச் சறுக்குகிறது, ஆனால் இறுக்கியதும் நின்றுவிடுகிறது. பழைய மேசையின் இழுப்பறையை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கோணலாகி இறுகிக்கொள்ளுமே, அதே விஷயம்தான். திருகு தண்டிலிருந்து எட்டத்தில் அழுத்துவதால் கை சாய்கிறது. சாய்ந்ததும் அதன் துவாரத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் தண்டைக் கடிக்கின்றன. அந்தக் கடியில் பிறக்கும் உராய்வுதான் கையை நிறுத்துகிறது. திருகு தண்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைத் துவாரத்தின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். எட்டம் 10 சென்டிமீட்டர், உயரம் இரண்டரை என்றால் விகிதம் 4. உலர்ந்த இரும்பு இரும்பின்மேல் நிற்க இந்த விகிதம் இரண்டரை இருந்தால் போதும். தண்டில் எண்ணெய் பட்டிருந்தால் உராய்வு பாதியாகும், தேவைப்படும் விகிதம் 5 ஆகிவிடும். கிளாம்ப் அப்போது சறுக்கும். நீங்கள் எவ்வளவு இறுக்குகிறீர்கள் என்பதே இந்தக் கணக்கில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணெய்த் தண்டுள்ள எஃப் கிளாம்ப்பை இரண்டு மடங்கு இறுக்கினாலும் பயனில்லை.

துளைக்கும்போது நாம் ஊற்றும் வெட்டு எண்ணெய் தண்டில் தெறிக்கிறது. அதோடு இயந்திரத்தின் அதிர்வு ஒவ்வொரு கணமும் அந்தக் கடியைத் தளர்த்தித் தளர்த்தி விடுகிறது. என் கிளாம்ப் மூன்று துளை முழுக்க மயிரிழை மயிரிழையாக இறங்கி வந்திருக்க வேண்டும். ஜி கிளாம்ப்பில் சறுக்கும் கையே கிடையாது, உடல் ஒரே வார்ப்பு. துளை வேலைக்கு நான் அதையே எடுக்கிறேன், அல்லது டிரில் மேசையோடு போல்ட் போட்டு நிறுத்திய வைஸை. ஒட்டு வேலையில் குறையாகத் தெரிந்த விறைப்பு இங்கே நிறை.

இங்கே அழுத்தத்தின் அளவைவிட அது துளையிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதுதான் கணக்கு. 200 கிலோவில் இறுக்கிய கிளாம்ப் ஒன்று, இரும்புக்கு இரும்பு உராய்வில், பக்கவாட்டில் ஏறத்தாழ 40 கிலோவைத் தடுக்கும். துளைக்கு 2 சென்டிமீட்டரில் அதைப் போட்டால் அதனால் தாங்கக்கூடிய முறுக்கு, 6 சென்டிமீட்டரில் போட்டால் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் கிளாம்ப்பைத் துளையை விட்டுத் தள்ளிப் போடுங்கள், துளைக்கு அடியில் மட்டும் கட்டை ஒன்று முட்டுக் கொடுக்கட்டும்.

இதைவிட நம்பகமானது உராய்வை நம்பாத தடுப்பு. மேலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, பொருளையும் அதே திசையில்தான் இழுக்கும். பட்டையின் நீள நுனியை டிரில் தூணின் இடப்பக்கத்தில் ஒட்டி நிற்கும்படி வைத்தால், கிளாம்ப் நழுவினாலும் பட்டை தூணில் முட்டி நின்றுவிடும். அன்று என் விரல் தப்பியது தற்செயலாகப் பட்டையை அந்தப் பக்கம் வைத்திருந்ததால்தான். இப்போது வேண்டுமென்றே அப்படி வைக்கிறேன். மெல்லிய தகடு என்றால் மேலும் கீழும் பிளைவுட் துண்டு வைத்து மூன்றையும் சேர்த்துத் துளைப்பேன். கவ்வுவதற்கு மெல்லிய வளையமே மிஞ்சாது.

மூன்றாவது தழும்பான கோணல் வெல்டிங்கில் வந்தது. சட்டம் 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர் கனம் 2 மில்லிமீட்டர். மூலையை மூலைமட்டத்தில் நிறுத்தி, கனமான ஜி கிளாம்ப் இரண்டால் இறுக்கி, ஒரு பக்கத்தை முழுசாக வெல்டிங் வைத்தேன். கிளாம்ப் அசையவே இல்லை. ஆறியதும் கழற்றினேன், காலின் நுனி உள்ளே வந்துவிட்டது. ஒரு பாகைக் கோணல்கூட 70 சென்டிமீட்டர் நீளக் காலின் நுனியில் 12 மில்லிமீட்டராகத் தெரியும். பிறகு எதிர்ப்பக்கம் வெல்டிங் வைத்தும் சுத்தியால் தட்டியும் பெரும்பாலும் சரிசெய்தேன். மிச்சம்தான் மூலைமட்டம் இன்று காட்டும் கோணல்.

உருகிய இரும்பு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸிலிருந்து அறை வெப்பத்துக்கு ஆறுகிறது. சுருங்க வேண்டும், ஆனால் சுற்றியுள்ள குளிர்ந்த குழாய் விடுவதில்லை. அதனால் அந்தத் தையல் தானே இழுபட்டு, தாங்கும் எல்லை வரை விறைத்து நிற்கிறது. சாதாரண இரும்பில் அந்த எல்லை சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ. தையலும் அதை ஒட்டிய பகுதியும் சேர்ந்து 100 சதுர மில்லிமீட்டர் என்றால் இழுப்பு இரண்டரை டன். கையால் முறுக்கிய எந்த ஜி கிளாம்ப்பும் அதை வெல்லாது. அசையாமல் பிடித்துக்கொண்டாலும் இழுப்பு உள்ளேயே தங்கி, கழற்றியதும் தன் வேலையைக் காட்டும்.

ஆகவே வெல்டிங்கில் கிளாம்ப்பின் வேலை வேறு. நான்கு பக்கமும் டேக் வைக்கிற வரை துண்டுகளை இடத்தில் நிறுத்துவதே அதன் பொறுப்பு. அதன் பிறகு உண்மையான பிடி அந்த டேக்குகளே. ஒரு பக்கம் டேக், உடனே நேர் எதிர்ப்பக்கம் டேக், பிறகு மூலைமட்டம் வைத்துச் சரிபார்ப்பு. கோணல் இருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரு டேக்கைத் தட்டி உடைத்துத் திருத்திவிடலாம். சட்டம் முழுதும் டேக் ஆன பிறகு இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, இரண்டும் சமமாக வந்த பிறகே முழு வெல்டிங். அதையும் எதிரெதிர் பக்கங்களில் சிறிது சிறிதாக. ஒரு பக்கத்துச் சுருக்கத்தை மறுபக்கத்துச் சுருக்கம் ஈடுகட்டும். சூடு தணியும் வரை கிளாம்ப்பைக் கழற்றாமல் இருந்தால் மூலை மடங்குவது குறையும்.

டேக் வேலைக்கு வேகமாகப் போட்டு வேகமாக எடுக்கும் பிடி வேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், டி விட் என்ற சிற்றூரில் கொல்லராக இருந்த வில்லியம் பீட்டர்சன் என்ற டேனிஷ் குடியேறி 1920களில் காப்புரிமை வாங்கிய வைஸ்-கிரிப் என்ற பூட்டுக் குறடு அதற்கு மிகப் பொருத்தம். இரண்டு நெம்புகோல்கள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டுக்கு வரும்போது கையின் சிறு விசை வாயில் மிகப் பெரிதாகிறது. நேர்கோட்டைச் சற்றே தாண்டியதும் தானே பூட்டிக்கொள்கிறது. பின்பக்கத் திருகால் ஒருமுறை கனத்துக்கு ஏற்ப வைத்துவிட்டால், எட்டு மூலைகளிலும் ஒரு சொடுக்கில் போடலாம், ஒரு சொடுக்கில் எடுக்கலாம். தச்சு வேலைக்கு இதை எடுக்காதீர்கள். மரம் சற்று அமுங்கினாலே நெம்புகோல் சேர்த்துவைத்த விசை முழுதும் போய்விடும். அமுங்காத இரும்பில்தான் அது பலிக்கும்.

வெல்டிங்கில் தெறிக்கும் பொறிகள் ஜி கிளாம்ப்பின் மரையில் ஒட்டிக்கொண்டு அதைப் பாழாக்கும். அதனால்தான் வெல்டிங்குக்கான கிளாம்ப்களின் திருகுக்குச் செம்புப் பூச்சு கொடுக்கிறார்கள். பொறி அதில் எளிதாக ஒட்டாது. துத்தநாகப் பூச்சுள்ள கிளாம்ப்பைத் தீப்பொறிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். எர்த் கம்பியைக் கிளாம்ப்பின்மேல் மாட்டாமல் குழாயிலேயே மாட்ட வேண்டும், இல்லையென்றால் மின்னோட்டம் மரை வழியாகப் போய் அங்கே சிறு சிறு பொறி கிளப்பி மரையைத் தின்றுவிடும். காந்த மூலைமட்டம் துண்டுகளை நிறுத்திப் பார்க்கச் சுகமானது. பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில் அதை விட்டால், காந்தப்புலம் மின்வில்லை ஒரு பக்கமாகத் தள்ளும். டேக் போட வேண்டிய இடத்தில் விழாது.

மேசையைப் பூட்டும்போது பட்டைத் துண்டுகளின் துளைகளை அரத்தால் தேய்த்து நீள்வட்டமாக்கினேன், பலகையின் அகலத் திசையில். 60 சென்டிமீட்டர் அகலத் தேக்கு மழைக்காலத்தில் சற்று விரியும், கோடையில் சுருங்கும். அதை இரும்புச் சட்டத்தோடு இறுகக் கட்டிவிட்டால் ஒட்டிய இணைப்பில் ஏதாவது ஒன்று பிளந்துதான் ஆகும். ஆகவே மரையாணிகளை வாஷரோடு போட்டு, பலகை நகர இடம் இருக்கும் அளவுக்கு மட்டும் முறுக்கினேன். போன ஐப்பசி மழையில் அளந்து பார்த்தேன், ஒரு பக்கம் வாஷரின் பழைய தடம் ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தது.